பச்சை, மஞ்சள், சிவப்பு: பாடசாலைப் பிள்ளையின் ஆஸ்துமா அட்டையை வாசிக்கும் முறை

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு மருத்துவர் ஒரு தாளைத் தருவது வழக்கம். அதில் மேலே பச்சை, நடுவே மஞ்சள், கீழே சிவப்பு என மூன்று கட்டங்கள் இருக்கும். பிரெஞ்சு மொழியில் இதனைப் 'பிளான் தக்சியோன்' என்பர். தமிழில் செயற்திட்ட அட்டை எனலாம். பெரும்பாலான வீடுகளில் இது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். ஆயினும், பிள்ளைக்கு இருமல் தொடங்கிய இரவில் அதை எடுத்து வாசிக்கும் பெற்றோர் சிலரே. இக்கட்டுரை அந்த அட்டையை, சிறப்பாக அதன் மஞ்சள் கட்டத்தை, எவ்வாறு வாசிப்பது என்பதை விளக்குகின்றது.

இங்கே கூறப்படும் அளவுகள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் பிள்ளைக்குரிய அளவு, உங்கள் மருத்துவர் உங்கள் பிள்ளையின் அட்டையில் எழுதியதே ஆகும்.

அட்டையால் உண்மையில் பயன் உண்டா?

இக்கேள்விக்கு நமது நகரத்திலிருந்தே ஒரு விடை கிடைத்திருக்கின்றது. மொன்றியலின் சிறுவர் மருத்துவ ஆய்வாளர் பிரான்சீன் டுஷார்மும் அவருடைய குழுவினரும், ஆஸ்துமா முற்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 219 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வை நடத்தினர். பிள்ளைகளின் வயது 1 முதல் 17 வரை. வீடு திரும்பும்போது ஒரு பாதியினருக்கு எழுதப்பட்ட செயற்திட்டம் வழங்கப்பட்டது. மறு பாதியினருக்கு வழக்கமான மருந்துச்சீட்டு வழங்கப்பட்டது. ஆய்வின் முடிவுகள் 2011ஆம் ஆண்டில் வெளியாயின.

முதல் இரண்டு வாரங்களில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தோன்றவில்லை. பிள்ளையின் மூச்சு சீராகியதும், நாளாந்தத் தடுப்பு மருந்தை விட்டுவிடும் போக்கு இரு பிரிவிலும் ஒரே அளவில் இருந்தது. மூன்றாம், நான்காம் வாரங்களில்தான் வேறுபாடு வெளிப்பட்டது. அட்டை பெற்ற பிள்ளைகள் தடுப்பு மருந்தைக் கூடுதலாகத் தொடர்ந்தனர். 28ஆம் நாளில் ஆஸ்துமா நன்கு கட்டுப்பாட்டில் இருந்தோரும் அவர்களிடையே கூடுதலாக இருந்தனர்.

அதே ஆய்வில் கவனிக்கத்தக்க இன்னொரு முடிவும் உண்டு. அட்டையைப் பயன்படுத்திய மருத்துவர்கள், வெறும் மருந்துச்சீட்டு எழுதியவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகத் தொடர் தடுப்பு மருந்தை எழுதிக் கொடுத்தனர். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அட்டையில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தால் அதை நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் எழுதுபவருக்கு வருகின்றது. ஆகவே அட்டை பெற்றோரை மட்டும் வழிநடத்தும் கருவி அன்று. மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வியையும் அதுவே நினைவூட்டுகின்றது. ஏதேனும் ஒரு கட்டம் வெறுமையாக இருப்பின், "இதில் என்ன எழுதவேண்டும்?" என்று கேட்காமல் அறையை விட்டு வெளியேற வேண்டாம்.

இரண்டு மருந்துகள், இரண்டு வேலைகள்

அட்டையை வாசிக்குமுன் 'பம்ப்' என்று நாம் அழைக்கும் இன்ஹேலர்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களுக்கு இரு தீங்குகள் நேர்கின்றன. ஒன்று, குழாயின் உட்சுவர் அழற்சியடைந்து வீங்குதல். இது நாள்கணக்காக, மெதுவாக நிகழ்வது. மற்றொன்று, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுதல். இது நிமிடங்களில் நிகழக்கூடியது.

நீல நிற இன்ஹேலரில் பெரும்பாலும் சல்பியூட்டமோல் என்ற மருந்து இருக்கும். வென்டோலின் என்பது அதன் வணிகப் பெயர்களுள் ஒன்று. இது இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். வீக்கத்தை இது தொடுவதில்லை. எனவே இதனை நிவாரண மருந்து என்பர். செம்மஞ்சள் நிறத்திலோ வேறு நிறத்திலோ உள்ள மற்றைய இன்ஹேலரில், புளூட்டிகசோன் போன்ற ஸ்டெரொயிட் மருந்து மிகச் சிறிய அளவில் இருக்கும். இது வீக்கத்தைக் குறைக்கும். முழுப் பயனைத் தரப் பல நாள்கள், சில வேளை வாரங்கள் எடுக்கும். இது தடுப்பு மருந்து.

நீல மருந்தின் பயன் கண்ணுக்குத் தெரிகின்றது. தடுப்பு மருந்தின் பயனோ, ஏதும் நிகழாமல் இருப்பதே. ஆதலால் பல வீடுகளில் நீலம் நம்பப்படுகின்றது, தடுப்பு மருந்து மறக்கப்படுகின்றது. "ஸ்டெரொயிட் பழக்கமாகிவிடுமோ, பிள்ளை வளராமல் போய்விடுமோ" என்ற அச்சமும் நம்மிடையே உண்டு. இம்மருந்துக்கு எவரும் அடிமையாவதில்லை. நீண்டகாலம் பயன்படுத்தும் பிள்ளைகளின் உயரம் சிறிதளவு, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர், குறையக்கூடும் என்பது உண்மை. அதனாலேயே மருத்துவர்கள் ஒவ்வொரு வருகையிலும் உயரத்தை அளந்து, நோயை அடக்கக்கூடிய மிகக் குறைந்த அளவையே கொடுக்கின்றனர். மருந்தின் பின்னர் வாயைக் கொப்பளித்துத் துப்பினால், வாயில் வெண்படை தோன்றுவதையும் பெரிதும் தவிர்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை: நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வளர்ந்த பிள்ளைகள் சிலருக்குத் தடுப்பும் நிவாரணமும் ஒன்றாகக் கலந்த ஒரே இன்ஹேலர் கொடுக்கப்படுகின்றது. அவர்களுடைய அட்டை முற்றிலும் வேறாக இருக்கும். அண்ணனின் அட்டையைப் பார்த்துத் தங்கைக்கு மருந்து கொடுப்பது இதனாலேயே தவறாகின்றது.

பச்சைக் கட்டம்: நலம் என்று எதைச் சொல்வது?

பச்சை என்றால் பிள்ளை இரவில் இருமலின்றி உறங்குகின்றது. ஏனைய பிள்ளைகளைப் போலவே ஓடி விளையாடுகின்றது. ஆஸ்துமாவால் பாடசாலையைத் தவறவிடுவதில்லை. நிவாரண மருந்து வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படுவதில்லை. இக்கட்டத்தில் தடுப்பு மருந்தை அட்டையில் உள்ளபடி நாள்தோறும் கொடுக்க வேண்டும். பிள்ளை நலமாக இருக்கின்றதே என்று அதை நிறுத்தக்கூடாது. பெரும்பாலும் அம்மருந்தே அந்த நலத்துக்குக் காரணம்.

பிள்ளை உண்மையிலேயே பச்சையில் இருக்கின்றதா என்பதை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நீல இன்ஹேலரில் பொதுவாக 200 தெளிப்புகள் உள்ளன. வாரத்தில் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு தெளிப்பு என்றால் வாரத்துக்கு நான்கு. 52 வாரங்களுக்கு 208. அதாவது, பச்சையில் உள்ள பிள்ளைக்கு ஓர் இன்ஹேலர் ஏறத்தாழ ஓராண்டுக்குப் போதும். அது இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டால், பிள்ளை நாளொன்றுக்கு மூன்றுக்கு மேற்பட்ட தெளிப்புகளை எடுத்திருக்கின்றது. "நன்றாகத்தான் இருக்கிறான்" என்று நாம் எண்ணியிருந்த காலம் முழுவதும் அவன் மஞ்சளில் இருந்திருக்கின்றான் என்பதே அதன் பொருள். மருந்தகத்தில் நீல இன்ஹேலரை வாங்கும் நாளில் அதன் பெட்டியில் திகதியை எழுதி வைத்தால் இக்கணக்கு எளிதாகும்.

மஞ்சள் கட்டம்: அட்டையின் இதயம்

சிவப்பு நிலையை எந்தப் பெற்றோரும் அடையாளம் காண்பர். மஞ்சளோ சளி போல, சாதாரண இருமல் போலத் தோற்றமளிக்கும். பிள்ளை இரவில் இருமி எழுதல், ஓடும்போது அல்லது சிரிக்கும்போது இருமுதல், நெஞ்சில் விசில் போன்ற இழுப்பு ஒலி, "நெஞ்சு இறுக்குது" என்று சொல்லுதல், விளையாட்டை இடையில் விட்டு உட்காருதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது மஞ்சளே. தடிமன் தொடங்கியதுமே மஞ்சள் என எழுதப்பட்ட அட்டைகளும் உள்ளன. எல்லாக் குறிகளும் சேர்ந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இக்கட்டத்தில் அட்டை மூன்று கேள்விகளுக்கு விடை தரவேண்டும். நிவாரண மருந்து எத்தனை தெளிப்பு, எத்தனை மணிக்கொரு தடவை? தடுப்பு மருந்தை அப்படியே தொடர்வதா, மாற்றுவதா? எத்தனை நாளில் குணம் காணாவிடின் மருத்துவரை நாடுவது? இரண்டாம் கேள்விக்கான விடை பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். சளி வந்ததும் தடுப்பு மருந்தைத் தாமாகவே இரட்டிப்பாக்கும் பெற்றோர் உள்ளனர். சிறு பிள்ளைகளுக்கு அது பயன் தருவதாக நிறுவப்படவில்லை. எழுதப்படாத எதையும் செய்யாதிருப்பதே முறை.

மஞ்சளில் பெற்றோர் கவனிக்கவேண்டியது இருமலின் சத்தத்தைவிட, நிவாரண மருந்தின் ஆறுதல் எவ்வளவு நேரம் நீடிக்கின்றது என்பதையே. இரண்டு தெளிப்பின் பின்னர் பிள்ளை நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ இலகுவாக மூச்சு விட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆறுதல் நான்கு மணி நேரம்கூட நீடிக்காவிடின், வீக்கம் மருந்தை வென்றுகொண்டிருக்கின்றது. அதுவே சிவப்பின் வாசல். இதனை நினைவில் வைத்திருத்தல் இயலாது, எழுதத்தான் வேண்டும். அட்டையின் அருகே ஒரு தாளும் பேனாவும் தொங்கவிட்டு, கொடுத்த நேரத்தையும் தெளிப்புகளின் எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: மூன்று நாள்கள்

மூன்றாம் வகுப்பில் படிக்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். காலம் செப்டெம்பர் நடுப்பகுதி. அவளுடைய அட்டையில் உள்ளவை இவை: பச்சையில், தடுப்பு மருந்து காலையும் மாலையும் ஒரு தெளிப்பு. மஞ்சளில், தடுப்பு மருந்து அப்படியே தொடரவேண்டும். நீலம் தேவையானபோது இரண்டு தெளிப்பு, நான்கு மணிக்கு ஒரு தடவைக்கு மேற்படாமல். 24 மணி நேரத்தில் குணமில்லையாயின் மருத்துவ ஆலோசனை. சிவப்பில், ஆறுதல் நான்கு மணிக்குக் குறைவாயின் நீலத்தைக் கொடுத்து உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

செவ்வாய் மாலை அவளுக்கு மூக்கு ஒழுகுகின்றது. இருமல் இல்லை. தாய் தடுப்பு மருந்தை வழமைபோலக் கொடுத்து, நீல இன்ஹேலரையும் இடைக்குழாயையும் எடுத்து மேசையில் வைக்கின்றார்.

புதன் அதிகாலை 2 மணிக்கு இருமலால் விழித்துக்கொள்கின்றாள். இது மஞ்சள். இரண்டு தெளிப்பு, பத்து நிமிடத்தில் இருமல் அடங்கி உறங்குகின்றாள். தாளில் "புதன் 2.00, 2" என்று எழுதப்படுகின்றது. காலை 7 மணிக்கு மீண்டும் இருமல், இரண்டு தெளிப்பு. இடைவெளி ஐந்து மணி நேரம். இலகுவாகப் பேசுகின்றாள், உணவு உண்கின்றாள். ஆகவே பாடசாலைக்கு அனுப்பலாம். ஆனால் தந்தை பாடசாலைச் செயலகத்துக்குத் தொலைபேசியில் மூன்று விடயங்களைச் சொல்கின்றார்: பிள்ளை இன்று மஞ்சளில் இருக்கின்றாள், கடைசியாக மருந்து கொடுத்தது 7 மணிக்கு, 11 மணிக்கு முன்னர் மருந்து தேவைப்பட்டால் அதைக் கொடுத்துவிட்டு உடனே எங்களை அழையுங்கள்.

பாடசாலையில் நண்பகல் 12 மணிக்கு மருந்து தேவைப்படுகின்றது. வீட்டில் மாலை 4.30, இரவு 9 மணி. இடைவெளிகள் ஐந்து, நான்கரை, நான்கரை. எல்லாம் நான்குக்கு மேல் என்றாலும், அவை நீளவில்லை, குறுகுகின்றன. இதனைக் கண்ட பெற்றோர் இரவு 9 மணிக்கே 811ஐ அழைக்கின்றனர். தாதி கேட்கும் முதற் கேள்விகளுக்கு விடை தாளிலேயே இருக்கின்றது. மறுநாள் மருத்துவரைக் காணுமாறும், இரவில் இடைவெளி நான்குக்குக் கீழ் இறங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுமாறும் அவர் கூறுகின்றார்.

வியாழன் அதிகாலை 1 மணிக்கு இரண்டு தெளிப்பு. 3.15க்கு மீண்டும் விழிக்கின்றாள். நீலத்தின் ஆறுதல் இரண்டேகால் மணி நேரமே நீடித்திருக்கின்றது. அவள் பேசுகின்றாள், உதடுகள் சிவந்தே இருக்கின்றன. பார்வைக்கு அவ்வளவு மோசமில்லை. "விடியட்டும்" என்று தோன்றும் நேரம் இதுவே. ஆயினும் அட்டையின்படி இது சிவப்பு. பெற்றோர் மருந்தைக் கொடுத்து, அட்டையையும் தாளையும் எடுத்துக்கொண்டு புறப்படுகின்றனர். அங்கே வழக்கமாக நீல மருந்தை அடிக்கடி கொடுத்து, வாயால் உட்கொள்ளும் ஸ்டெரொயிட்டையும் கொடுப்பர். அது வேலை செய்யச் சில மணி நேரம் எடுக்கும். விடியும்வரை காத்திருந்தால் இழப்பது அந்தச் சில மணி நேரத்தையே.

இங்கே கதை முடிவதில்லை. அவசர சிகிச்சையின் பின்னர் பழைய அட்டை பழையதாகிவிடும். புதிய அட்டையைக் கேட்டு வாங்கி, பாடசாலையில் உள்ள பிரதியையும் மாற்றவேண்டும்.

சிவப்புக் கட்டம்: காத்திருக்கக் கூடாத குறிகள்

ஆறுதல் நான்கு மணி நேரம் நீடியாமை ஒரு குறி. ஏனையவை கண்ணால் காண்பவை. மேற்சட்டையைக் கழற்றிப் பாருங்கள்: மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளின் இடையிலும் தொண்டைக்குழியிலும் தோல் உள்ளே குழிகின்றதா? பிள்ளை ஒரு முழு வாக்கியத்தைப் பேசமுடியாமல் சொல் சொல்லாக நிறுத்துகின்றதா? வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடக்கின்றதா? இவை அவசரம்.

உதடு நீலமாகும் என்று பல அட்டைகளில் எழுதப்பட்டுள்ளது. நம் பிள்ளைகளின் நிறத்தில் உதட்டின் வெளிப்புறத்தில் அது தெளிவாகத் தெரியாது. உதட்டின் உட்புறம், ஈறு, நாக்கு, நகத்தின் அடிப்பகுதி ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்; அவை சாம்பல் அல்லது நீல நிறமாக இருப்பின் உடனே 911ஐ அழையுங்கள்.

இன்னொரு குறி பலரை ஏமாற்றும். சத்தமாக இருந்த இழுப்பு ஒலி திடீரென அடங்கியும் பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டே இருந்தால், அது குணமன்று. ஒலி எழுப்புமளவு காற்றுக்கூட உள்ளே செல்லவில்லை என்பதே பொருள்.

பேச முடியாத, நிறம் மாறிய, சோர்ந்து விழும் பிள்ளையைச் சொந்தக் காரில் ஏற்றிச் செல்ல வேண்டாம், 911ஐ அழையுங்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். உதவி வரும்வரை சிவப்புக் கட்டத்தில் எழுதப்பட்ட அளவில் நீல மருந்தைத் தொடருங்கள். அந்த அளவு மஞ்சளின் அளவைவிடக் கூடியதாக இருப்பது வழக்கம். ஆகவே அதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதிப் பெற்றிருக்க வேண்டும். பதற்றத்தில் மொழி தடைப்படின் "மொன் ஒன்ஃபான் ரெஸ்பீர் மால்" என்று பிரெஞ்சில் சொன்னாலே போதும்: "என் பிள்ளை மூச்சுவிடச் சிரமப்படுகின்றது" என்பது அதன் பொருள். உங்கள் முகவரியையும் தொடருங்கள்.

மருந்து நெஞ்சை அடைகின்றதா?

அட்டை சரியாக இருந்தும் பிள்ளைக்குக் குணமில்லையாயின், முதலில் ஐயுற வேண்டியது இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையையே. நேராக வாயில் அடிக்கும் மருந்தின் பெரும் பகுதி தொண்டையில் ஒட்டிவிடும். எனவே ஏரோசேம்பர் போன்ற இடைக்குழாய் தேவை. குடுவையைக் குலுக்குங்கள், ஒரு தடவைக்கு ஒரே தெளிப்பை மட்டும் குழாயினுள் அடியுங்கள், பிள்ளை மெதுவாக ஐந்து அல்லது ஆறு மூச்சு எடுக்கட்டும். இரண்டாம் தெளிப்புக்கு மீண்டும் குலுக்கி, மீண்டும் தொடங்குங்கள். இரண்டையும் ஒன்றாக அடித்தால் மருந்து குழாயின் சுவரில் படிந்து வீணாகும். முகமூடி பயன்படுத்தினால் அது முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டியிருத்தல் வேண்டும்.

இடைக்குழாயை வாரந்தோறும் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரோடு ஒட்டச் செய்யும்.

முடிந்துபோன இன்ஹேலரும் 'புஸ்' என்று அடிக்கும். ஆனால் வெளிவருவது உந்துவாயு மட்டுமே, மருந்து அன்று. நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையும் நம்பத்தக்கதன்று. எண்காட்டி இருந்தால் அதை வாசியுங்கள். இல்லையாயின் எடுத்த தெளிப்புகளை எண்ணுங்கள். மேலும், மொன்றியலின் குளிரில் வெளிப்பையில் உறைந்து கிடந்த குடுவை சரியான அளவை வெளியேற்றாது. மாரிக்காலத்தில் அதை மேலங்கியின் உட்பையில், உடலின் சூட்டில் வைத்திருக்கப் பழக்குங்கள்.

பாடசாலைக்குச் செல்லும் பிரதி

பாடசாலை தொடங்கிய சில வாரங்களில் ஆஸ்துமாவால் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் உச்சத்தை அடைவதைக் கனேடிய ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தொழிலாளர் தினத்தின் பின்னர் ஏறத்தாழ இரண்டரை வாரத்தில், செப்டெம்பரின் மூன்றாம் வார அளவில், அந்த உச்சம் வருகின்றது. வகுப்பறையில் தடிமன் வைரசுகள் பரவுவது முக்கிய காரணம். கோடை விடுமுறையில் தடுப்பு மருந்தைக் கைவிட்டிருப்பது அதனோடு சேர்ந்துகொள்கின்றது. ஆகவே தடுப்பு மருந்தை ஓகஸ்ட் மாதத்திலேயே ஒழுங்குபடுத்துவதும், வகுப்புகள் தொடங்குமுன் அட்டையை மருத்துவரிடம் காட்டிப் புதுப்பிப்பதும் நன்று.

பாடசாலைக்கு ஒப்படைக்க வேண்டியவை நான்கு: அட்டையின் பிரதி, மருந்தகத்தின் பெயர்ச்சீட்டு ஒட்டிய நீல இன்ஹேலர், இடைக்குழாய், மருந்து கொடுக்க உங்கள் கையொப்பமிட்ட அனுமதி. இன்ஹேலர் இருந்தும் இடைக்குழாய் இல்லாதிருப்பது அடிக்கடி காணப்படும் குறை. பாடசாலையின் பகற் பராமரிப்பு சேவையில் பிள்ளை தங்குவதாயின், அங்குள்ள பணியாளர் வேறு என்பதை மறவாதீர்கள். மாலை நேரத்தில் வகுப்பாசிரியரின் அலுமாரி பூட்டியிருக்கலாம். மருந்து எங்கே இருக்கின்றது, யாரிடம் திறப்பு உள்ளது என்பதை நேரிற் கேட்டறியுங்கள். சுற்றுலா நாள்களில் அது பிள்ளையோடு செல்கின்றதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

வீட்டுக் காற்றும் நகரக் காற்றும்

மஞ்சளில் உள்ள பிள்ளையின் அருகே சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் ஏற்றுவதையும், காற்றுப்போக்கியை இயக்காமல் மிளகாய் வறுப்பதையும் தவிருங்கள். வீட்டுக்குள் எவரும் புகைபிடித்தல் கூடாது. விறகுப் புகையும் அத்தகையதே: மொன்றியல் நகரம் 2018 ஒக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகளை வெளியிடும் விறகு அடுப்புகளின் பாவனையைத் தடைசெய்துள்ளது. காட்டுத்தீப் புகையால் 2023 யூன் 25 அன்று இந்நகரின் காற்று உலகப் பெருநகரங்களுள் மிக மோசமானதாக இருந்தது. அத்தகைய நாள்களில் சாளரங்களை மூடி, பிள்ளையை உள்ளே விளையாட விட்டு, நீல இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

எங்கே கேட்பது

811: இன்ஃபோ சாந்தே சேவை. 1ஐ அழுத்தினால் தாதியுடன் பேசலாம்; நாள் முழுவதும், வாரம் முழுவதும் இயங்குகின்றது. மஞ்சளில் ஐயம் எழுந்தால் இங்கே அழைக்கவும். குடும்ப மருத்துவர் இல்லாதோர் 3ஐ அழுத்தி மருத்துவ சந்திப்பைக் கோரலாம்.

911: சிவப்புக் குறிகள் தோன்றினால்.

மருந்தாளர்: முன்பதிவின்றிக் காணலாம். இன்ஹேலரையும் இடைக்குழாயையும் எடுத்துச் சென்று, பிள்ளை அதைப் பயன்படுத்தும் முறையைப் பார்த்துத் திருத்துமாறு கேளுங்கள். பொது மருந்துக் காப்புறுதித் திட்டத்தில் உள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, காப்புறுதியில் அடங்கும் மருந்துகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மருத்துவமனை, சி.எல்.எஸ்.சி.: சந்திப்பைப் பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்கச் செய்வது நன்றன்று. சிவப்புக் கட்டத்தின் அளவைப் பெற்றோரே நேரடியாக விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

அட்டையைப் புதுப்பிக்கும் காலம்: ஆண்டுக்கு ஒரு தடவையேனும், மருந்து மாறும்போதும், ஒவ்வோர் அவசர சிகிச்சையின் பின்னரும். அட்டையின் மூலையில் உள்ள திகதியை இன்றே பாருங்கள். அது ஓராண்டுக்கு முற்பட்டதாயின் அடுத்த சந்திப்பில் புதிய அட்டையைக் கேட்டுப் பெறவும்.